3 வயதுக் குழந்தைக்கு மார்ஃபின்: நான் நாலாக்சோன் போட்டது சரியா?

மேலூர்_ட்யூட்டி

படித்து முடித்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. மேலூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரவு ட்யூட்டி பார்க்கிறேன். நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன், திட்டுவதென்றால் திட்டுங்கள்.

இரவு 8 மணிக்கு 3 வயதுப் பெண் குழந்தை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த ரசத்தை இழுத்து மேலே கொட்டிக்கொண்டது. வயிறும் வலது தொடையும், சுமார் 12 சதவீதம். தராசில் நிறுத்தியபோது 12 கிலோ. பாராசிட்டமால் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. தொட்டால் கத்துகிறது, தொடாவிட்டாலும் கத்துகிறது. டிரிப் லைன் போட்டதும் மார்ஃபின் கொடுப்பது என்று முடிவு செய்தேன். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம், அதாவது 1.2 மி.கி.

1 மி.லி. ஆம்பூலை 9 மி.லி. சலைனில் கலந்து அதில் 1.2 மி.லி. எடுத்து, சுமார் 5 நிமிடத்தில் கொடுத்தேன். 20 நிமிடத்தில் குழந்தை தூங்கிவிட்டது. மூச்சு 28-லிருந்து 16-க்கு வந்தது. ஆக்சிஜன் மாஸ்க் இருந்ததால் சாச்சுரேஷன் 98. உலுக்கினால் கண்ணைத் திறந்து சிணுங்கியது, உடனே மறுபடி தூங்கியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மார்ஃபினை முறிக்கிற நாலாக்சோன் 0.3 மி.லி. அப்படியே போட்டேன். அடுத்த நிமிடமே ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி அலறியது.

அப்புறம் காலி ஆம்பூலை எடுத்துப் பார்த்தால் 15 மி.கி. என்று இருந்தது. நான் 10 என்று நினைத்திருந்தேன்.

குழந்தையை 108-ல் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம், நன்றாக இருக்கிறது. என் கேள்வி இரண்டு. இந்த வயதுக்கு 100 மைக்ரோகிராமே அதிகமா? நாலாக்சோன் போட்டது சரியா?

புதூர்_குமார்

டாக்டர் தம்பி, நான் 30 வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவன். சாச்சுரேஷன் 98 இருந்தால் மூச்சு சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம், நீங்கள் வீணாகப் பயந்துவிட்டீர்கள். இன்னொன்று, மார்ஃபினை லைனில் கொடுத்தது தப்பு. தொடைச் சதையில் போட்டால் மெதுவாக இறங்கும், பாதுகாப்பு. என்னைக் கேட்டால் ஒரு வயதுக்கு உள்ளே இந்த மருந்தைத் தொடவே கூடாது, மூன்று வயது பரவாயில்லை.

திருமங்கலம்_செல்வி

குமார் அண்ணே, பொறுங்கள். 22 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், அதில் 9 வருடம் தீக்காய வார்டு. ஆம்பூல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்கள் வார்டிலும் நடந்தது. நம் ஊரில் மார்ஃபின் ஊசி 10 மி.கி. என்றும் வருகிறது, 15 மி.கி. என்றும் வருகிறது. இரண்டும் 1 மி.லி.தான், பார்ப்பதற்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். போன மாதம் வந்தது 10, இந்த மாத இண்டென்டில் 15 வந்திருக்கும். கை பழைய கணக்கிலேயே போகும்.

10 மி.கி. ஆம்பூலோடு 9 மி.லி. சலைன் சேர்த்தால் மி.லி.க்கு 1 மி.கி. கிடைக்கும். 15 மி.கி. ஆம்பூல் என்றால் 14 மி.லி. சேர்க்க வேண்டும். 9 மட்டும் சேர்த்தால் மி.லி.க்கு 1.5 ஆகிவிடுகிறது. டாக்டர், நீங்கள் 1.2 என்று நினைத்துக் கொடுத்தது 1.8 மி.கி.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆம்பூலை உடைப்பதற்கு முன்னால் இரண்டு பேர் லேபிளை வாய்விட்டுப் படிப்போம். கலந்த சிரிஞ்சில் பிளாஸ்டர் ஒட்டி "1 மி.லி. = 1 மி.கி." என்று எழுதுவோம். மொத்தம் எவ்வளவு கலந்தோம் என்பதை எழுதவே மாட்டோம். அதை எழுதினால் அடுத்த ஷிஃப்ட் ஆள் தப்பாகக் கணக்குப் போடுவாள்.

வெங்கலக்கடைத்தெரு

மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வேறு வேலை இல்லாததால் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, முதல் கேள்விக்குப் பதில், 100 அதிகமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2012-ல் கொடுத்து 2019-ல் திரும்பப் பெற்ற வழிகாட்டுதலில், இதுவரை இந்த வகை மருந்து வாங்காத 2 முதல் 12 வயதுக் குழந்தைக்கு லைனில் ஆரம்ப அளவு கிலோவுக்கு 100 முதல் 200 மைக்ரோகிராம், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு தடவைக்கு 2.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. உன் கையால் போன 1.8 மி.கி. கிலோவுக்கு 150 ஆகிறது. தவறுதான், ஆனால் வரம்புக்கு வெளியே போகவில்லை. அதே ஆம்பூலை ஒரு 5 மாதக் குழந்தைக்கு எடுத்திருந்தால் இந்த இழையை நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

நானாக இருந்தால் 1.2-ஐ ஒரே மூச்சில் கொடுத்திருக்க மாட்டேன். 0.6 மி.கி.யை 5 நிமிடத்தில் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவேன். லைனில் போன மார்ஃபின் மூளையில் முழு வேலையைக் காட்ட 15, 20 நிமிடம் எடுக்கும். 5 நிமிடத்தில் அழுகை நிற்கவில்லையே என்று அடுத்ததைத் தள்ளுகிறவர்களுக்குத்தான் இரண்டு அளவும் ஒன்றாகச் சேர்ந்து வந்து நிற்கும். 15 நிமிடம் கழித்து முகம், கால், அசைவு, அழுகை, அம்மா தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்ப்பேன். வலி குறையவில்லை, குழந்தை விழிப்பாகவும் இருக்கிறது என்றால் மீதி 0.6.

நாலாக்சோன் பற்றி எழுதுவதற்கு முன்னால் ஒன்று சொல். மார்ஃபினுக்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது ஊசி கொடுத்தீர்களா?

மேலூர்_ட்யூட்டி

சார், வாந்தி எடுத்துவிடக் கூடாது என்று ப்ரோமெத்தசின் கொடுத்தோம். மார்ஃபினுக்கு 10 நிமிடம் முன்னால்.

வெங்கலக்கடைத்தெரு

நினைத்தேன். ப்ரோமெத்தசின் தானாகவே தூக்கத்தைக் கொண்டுவரும். 2 வயதுக்கு உள்ளே அதை மூச்சுக்கு ஆபத்து என்றே விலக்கிவைத்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைக்கும் மார்ஃபினோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். நம் பக்கத்தில் ஃபோர்ட்வினோடு ஃபெனர்கன் என்கிற இதே ப்ரோமெத்தசினை ஜோடியாகப் போட்டுப் போட்டு இது கை வழக்கமாகிவிட்டது. மார்ஃபினுக்கு அந்த ஜோடியே வேண்டாம். வாந்தி வந்தால் ஆண்டான்செட்ரான் இருக்கிறது. இன்னொரு விஷயம், ஃபோர்ட்வினில் இருக்கும் பென்டசோசின் மார்ஃபினின் வேலையைப் பாதியில் தடுக்கவும் செய்யும். எனவே அதைக் கொடுத்த கையோடு மார்ஃபினைக் கொடுத்துவிட்டு "வலி போகவில்லையே" என்று அளவைக் கூட்டினால் கணக்கே குழம்பிவிடும்.

சரி, மூச்சுக்கு வருவோம். குமார் அண்ணே சொன்ன சாச்சுரேஷன் கணக்கில் ஒரு பாதிதான் உண்மை. வெறும் காற்றை இழுக்கிற குழந்தைக்கு மூச்சு குறைந்தால் சாச்சுரேஷன் இறங்கும், அது நல்ல எச்சரிக்கை. ஆனால் இந்தக் குழந்தைக்கு மாஸ்க் இருந்தது. மாஸ்க்கில் ஆக்சிஜன் போகும்போது நிமிடத்துக்கு 6 மூச்சு இழுத்தாலும் சாச்சுரேஷன் ரொம்ப நேரம் 97, 98-லேயே நிற்கும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும், குழந்தை இன்னும் மந்தமாகும், மெஷினோ பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். எண் விழும்போது நேரம் தாண்டியிருக்கும்.

முதலில் மாறுவது மூச்சு எண்ணிக்கையும் இல்லை, விழிப்பு. மார்ஃபின் அதிகமான குழந்தை மூச்சு குறைவதற்கு முன்னால் தூக்கத்தில் மூழ்கும். ஆகவே நான் கேட்பது ஒரே கேள்வி, பேர் சொல்லிக் கூப்பிட்டால் முழிக்கிறதா? கூப்பிட்டால் முழித்தால் அது வலி விட்ட தூக்கம். தோளைத் தட்டினால்தான் முழித்து, பேசும்போதே கண் சொருகினால் அடுத்த அளவை நிறுத்து, பக்கத்தை விட்டு நகராதே. அழுத்திக் கிள்ளினாலும் முழிக்காவிட்டால் அவசரம்.

உன் குழந்தை இரண்டாவது படியில் இருந்தது. மூச்சு 16. எங்கள் வார்டில் வைத்திருந்த கோடு, ஒரு வயதுக்குள் 20, ஐந்து வயதுக்குள் 16, பெரிய பிள்ளைக்கு 12. இது எங்கள் கோடு, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். கோட்டைத் தொட்டால் எழுந்து போய்ப் பார் என்றுதான் பொருள், ஊசி போடு என்று இல்லை. தாடையை லேசாகத் தூக்கி, பேர் சொல்லி எழுப்பி, "பாப்பா, மூச்சை இழு" என்று சொல்லிக்கொண்டே 15 நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

நாலாக்சோன் ஆம்பூல் 1 மி.லி.யில் 400 மைக்ரோகிராம். நீ போட்ட 0.3 மி.லி. 120 மைக்ரோகிராம், கிலோவுக்கு 10. அது மூச்சே விடாத குழந்தைக்கு உரிய அளவு. அப்படிப்பட்ட குழந்தைக்கு முதல் வேலை ஆம்பு பேக்கால் மூச்சு கொடுப்பது, அது கையில் இருக்கும்போதே இந்த 10. மூச்சு இருக்கிறது, மந்தம்தான் என்றால் ஆம்பூலோடு 9 மி.லி. சலைன் சேர்த்து, மி.லி.க்கு 40 மைக்ரோகிராம் ஆக்கி, 0.3 மி.லி. கொடு. கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் ஆகும். இரண்டு மூன்று நிமிடம் பார், வேண்டுமானால் இன்னொரு 0.3. மூச்சு திரும்பும், வலி முழுதாகத் திரும்பாது. நீ மொத்தத்தையும் ஒரே தள்ளில் கொடுத்ததால் மார்ஃபின் பூராவும் கழன்று, வெந்த தோல் அப்படியே எரிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நாலாக்சோன் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். மார்ஃபின் அதற்கு மேலும் உடம்பில் இருக்கும். ஆம்புலன்ஸில் போகும்போது மறுபடி தூங்கியிருக்கலாம். கூட யார் போனது?

மேலூர்_ட்யூட்டி

செவிலியர் ஒருவர் போனார் சார், ஆம்பு பேக்கோடு. ஆனால் அவரிடம் இதைச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

திருமங்கலம்_செல்வி

மூச்சை எண்ணுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் தப்பாக எண்ணுகிறார்கள். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் சின்னக் குழந்தைக்குச் சரிவராது, அதன் மூச்சு சீராக இருக்காது, சில விநாடி நின்று போகும். எண்ணிய பிறகுதான் தொட்டு எழுப்ப வேண்டும். முதலில் தொட்டால் எண்ணிக்கை ஏறிவிடும்.

லைனில் கொடுத்த முதல் அளவுக்கு அப்புறம் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, அரை மணி வரை. பிறகு 15 நிமிடம், பிறகு மணிக்கு ஒரு தடவை. கேஸ் ஷீட்டில் மூச்சுக்குப் பக்கத்திலேயே "கூப்பிட்டால் முழிப்பு" என்று எழுத ஒரு கட்டம் போட்டுவிடுங்கள்.

குமார் அண்ணே, தொடை ஊசியைப் பற்றி. சாதாரணக் குழந்தைக்கு மெதுவாக இறங்கும் என்பது சரிதான். வெந்த குழந்தைக்கு ரத்த ஓட்டம் சதையில் குறைந்திருக்கும். போட்ட மருந்து அங்கேயே தேங்கி நிற்கும். வலி போகவில்லை என்று இரண்டாவதும் போடுவோம். டிரிப் ஓடி உடம்பு சூடான பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். நான் ஒரு பையனை அப்படிப் பார்த்திருக்கிறேன், விடியற்காலை 3 மணிக்கு.

புதூர்_குமார்

அது எனக்குத் தெரியாது தங்கச்சி. தீக்காயத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வயதுக்கு உள்ளே கூடாது என்பதில் மாற்றமில்லை.

உசிலம்பட்டி_ராசு

என் மாமியாருக்குப் புற்றுநோயில் கொடுத்த மார்ஃபின் மாத்திரை வீட்டில் மீதி இருக்கிறது. 30 என்று போட்டிருக்கிறது. என் பையனுக்கு 6 வயது, கை உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது, இரவெல்லாம் அழுகிறான். கால்வாசி உடைத்துக் கொடுக்கலாமா?

திருமங்கலம்_செல்வி

கொடுக்காதீர்கள். ஒரு துணுக்குகூட வேண்டாம். 30 என்றால் பெரும்பாலும் மெல்ல மெல்லக் கரைய வைத்த மாத்திரையாக இருக்கும். அதை உடைத்தாலோ பொடித்தாலோ 12 மணி நேரத்துக்கு உள்ளது ஒரே நேரத்தில் இறங்கும். பையனின் விரல்களைப் பாருங்கள். வீங்கி, நிறம் மாறி, நீட்டினால் உயிர் போகிற வலி என்றால் கட்டு இறுக்கமாக இருக்கிறது, இப்போதே தூக்கிக்கொண்டு போங்கள். மீதி மாத்திரையை வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள், அதுவரை பூட்டி வையுங்கள்.

உசிலம்பட்டி_ராசு

விரல் வீங்கித்தான் இருக்கிறது. கிளம்புகிறோம்.

நாலாம்மாடி

பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருக்கிறேன். குமார் சாருக்காக எழுதுகிறேன். ஒரு வயதுக்குள் கூடாது என்று இல்லை. அளவு குறைவு, இடைவெளி அதிகம், அவ்வளவுதான். மார்ஃபினைக் கல்லீரல் மாற்றிக் கொடுக்க வேண்டும், சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்கு இரண்டுமே பழகாத வேலை. பெரிய பிள்ளையின் உடம்பில் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிற மருந்து, பிறந்த குழந்தையில் பாதியாக 6, 7 மணி நேரம் ஆகும், குறைமாதம் என்றால் இன்னும் கூடும். அதனால்தான் பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 25 முதல் 50, அதுவும் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் பழையது போகும் முன்னால் புதியது சேரும். மூன்றாவது நான்காவது ஊசியில்தான் மூச்சு நிற்கும், முதல் ஊசியில் ஒன்றும் தெரியாது.

1 முதல் 6 மாதத்துக்குப் புத்தகத்தில் 100 என்று இருக்கிறது, 6 மணி இடைவெளியில். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை, 50-ல்தான் ஆரம்பிப்பேன். 2 மாதக் குழந்தைக்கு மானிட்டர் இல்லாத வார்டில் ஒரு சொட்டுகூடக் கொடுக்க மாட்டேன்.

வெங்கலக்கடைத்தெரு

டாக்டர், 100-க்குப் பதில் 50-ல் ஆரம்பிப்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். 4 கிலோ என்றால் 200 மைக்ரோகிராம். செல்வி சொன்ன கலவையில் அது 0.2 மி.லி.தான் வரும், ஊசி முனையில் நிற்கிற மருந்தே கணக்கைக் கெடுக்கும். அதை இன்னொரு பத்து மடங்கு கலந்து 2 மி.லி.யாக ஆக்கித்தான் கொடுக்க வேண்டும், பிளாஸ்டரையும் மாற்றி எழுத வேண்டும். ஆனால் மானிட்டர் இல்லை என்பதற்காக வலியோடு விட்டுவிடுவதை நான் ஏற்க மாட்டேன். ஒரு செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினால் முடியும்.

நாலாம்மாடி

இரவு 2 மணிக்கு 40 குழந்தைக்கு 2 செவிலியர் இருக்கும் வார்டில் யார் சார் உட்காருவது?

வாடிப்பட்டி_அம்மா

இங்கே எழுதலாமா தெரியவில்லை. என் மகனுக்கு 9 வயது, ரத்தப் புற்றுநோய், 22 கிலோ. எலும்பு வலிக்கு மார்ஃபின் 10 மி.கி. மாத்திரையில் பாதி, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாளும் தூங்கிக்கொண்டே இருந்தான். பயந்துபோய் இரவு மருந்தை நிறுத்திவிட்டேன். 2 மணிக்கு வலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். இந்த இழையைப் படித்த பிறகு எது தூக்கம், எது ஆபத்து என்று இன்னும் குழப்பமாக இருக்கிறது.

வெங்கலக்கடைத்தெரு

அம்மா, வாய்வழி மார்ஃபினில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும், மீதியைக் கல்லீரல் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். அதனால் வாய்வழி அளவு பெரிதாகத் தெரியும். கிலோவுக்கு 200 முதல் 500 மைக்ரோகிராம், ஆரம்பத்தில் 5 மி.கி.க்கு மேல் இல்லை. உங்கள் பையனுக்குச் சரியாக 5 கொடுத்திருக்கிறார்கள்.

பல நாள் வலியில் தூங்காத பிள்ளை, வலி விட்டதும் கடனைத் தீர்ப்பது போலத் தூங்கும். இரண்டு மூன்று நாளில் தெளியும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொன்னான் என்றால் மருந்து நேரத்தை விடாதீர்கள். தட்டினாலும் சரியாக முழிக்கவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 12-க்குக் கீழே, அல்லது விட்டு விட்டு வருகிறது என்றால் அடுத்த மருந்தைக் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். மூன்றாம் நாளுக்கு மேலும் தூக்கம் தெளியாவிட்டாலோ சிறுநீர் குறைந்தாலோ மருந்து எழுதிய டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பில் தங்கும்.

வாடிப்பட்டி_அம்மா

இன்று நான்காம் நாள் சார். காலையில் தோசை கேட்டான். மலம்தான் போகவில்லை.

திருமங்கலம்_செல்வி

அது மார்ஃபினோடு வருவதுதான் அம்மா, தூக்கம் மாதிரித் தானாகத் தெளியாது. மலமிளக்கி எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே கேளுங்கள்.

மேலூர்_ட்யூட்டி

பெரியாஸ்பத்திரியில் விசாரித்தேன். வரும் வழியில் குழந்தை மறுபடி தூங்கியிருக்கிறது, செவிலியர் எழுப்பிக்கொண்டே வந்திருக்கிறார். இப்போது வாய்வழி மார்ஃபினுக்கு மாற்றிவிட்டார்கள், ஒரு தடவைக்கு 2.4 மி.கி. ஒரு 10 மி.கி. மாத்திரையைப் பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கலக்கி, ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு 2.4 மி.லி. எடுக்கிறார்களாம். கசக்கிறது என்று துப்புகிறாளாம், சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள்.

இங்கே அலமாரியில் 10-ம் 15-ம் ஒரே தட்டில் இருந்தன. பிரித்து வைத்துவிட்டேன். டிரெஸ்ஸிங் மாற்றும்போது மார்ஃபின் மட்டும் போதுமா, கெட்டமைன் சேர்க்க வேண்டுமா என்று கேட்டால் இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வெங்கலக்கடைத்தெரு

அதற்குத் தனி இழை தொடங்கு தம்பி. நாலாம்மாடியோடு சண்டையே இன்னும் முடியவில்லை.